அடிக்குறிப்பின் எல்லை

தலைமையாசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர் எனக்கு வாய்த்த வேலைகளுள் ஒன்று, திருமுருகாற்றுப்படைக்கு மாணவர் பதிப்பு ஒன்று அமைத்தது. எங்கள் ஊர் அச்சகத்தார் ஒருவர் கேட்டுக்கொண்டார். பாட்டு 317 அடிகளே உடையது; ஆதலால் இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். முடிக்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. பாட்டின் பொருளை அறிவதில் அன்று அக்காலம் சென்றது. எதற்குக் குறிப்பு எழுதுவது, எதற்கு எழுதாமல் விடுவது என்று முடிவு செய்வதிலேயே பெரும்பகுதி சென்றது. அந்த அனுபவத்தைத்தான் இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

நக்கீரர் இயற்றியதாகிய இப்பாட்டுக்கு இரண்டு வீடுகள் உண்டு. பத்துப்பாட்டில் இது முதற் பாட்டு. சைவத் திருமுறைகளில் பதினோராந் திருமுறையிலும் இடம் பெற்றுள்ளது. புலவர்க்கு இஃது இலக்கியம். அடியார்க்கு இது நாள்தோறும் ஓதும் பாராயண நூல். பொருள் தெரியாமலேயே இதனை முழுவதும் மனப்பாடமாகச் சொல்லும் முதியவர்களை நான் இளமையில் கண்டிருக்கிறேன். ஓதுவதற்கு எளிதாகவும் உணர்வதற்கு அரிதாகவும் ஒரு நூல் இருக்குமானால், அதற்குக் குறிப்பெழுதுபவன் மிகுந்த கவனத்தோடு இருத்தல் வேண்டும்.

அடிக்குறிப்பு என்பது அச்சு தந்த பிள்ளை. ஏட்டுச் சுவடியில் அடி என்றும் பக்கம் என்றும் ஒரு பாகுபாடு இல்லை. சொற்களுக்கு இடையே வெளி இராது. புள்ளியும் பெரும்பாலும் இராது. மூலமும் உரையும் ஒரே ஓட்டமாக எழுதப்பட்டிருக்கும். ஐயம் தோன்றினால் ஆசிரியரைக் கேட்க வேண்டும். அவரே நடமாடும் குறிப்பு. பதினான்காம் நூற்றாண்டினராகக் கருதப்பெறும் நச்சினார்க்கினியர் உரை எழுதியபோது, தொல்காப்பியம் கற்ற ஒருவரை எதிரில் அமர்த்திக்கொண்டு பேசுவது போலவே எழுதினார். எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ உள்ள சொல்லோடு கொண்டுகூட்டிப் பொருள் முடிப்பது அவர் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் இப்பாட்டை அவ்வுரையோடு அச்சிட்டார். 1889-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டு முழுவதையும் உரையோடு வெளியிட்டார். பாட வேறுபாடும், பிற நூல்களிலிருந்து ஒப்புமைப் பகுதியும், அரும்பத அகராதியும் தரும் ஒழுங்கு அவர் பதிப்புக்களால் தமிழில் நிலைபெற்றது.

அந்தப் பதிப்புக்கள் புலவர்க்கு உரியவை. அவற்றைச் சுருக்கினால் மாணவர் பதிப்பு ஆகிவிடும் என்றே நானும் முதலில் நினைத்தேன். அரிய சொல் வந்த இடமெல்லாம் எண் இட்டேன். முதற் படியில் குறிப்புக்கள் நானூற்றுக்கு மேற்பட்டன. பக்கத்தின் மேலே ஏழு அடிப் பாட்டு. கீழே முப்பது வரிக் குறிப்பு. அதனை அடுத்த வீட்டுப் பையனிடம் காட்டினேன். அவன் குறிப்புக்களை மட்டும் படித்தான். பாட்டைப் படிக்கவே இல்லை. எண் வரும்போதெல்லாம் கண் கீழே இறங்கும். இறங்கிய கண் திரும்பி மேலேறும்போது விட்ட இடத்தை மறந்திருக்கும்.

ஆகவே வேறொரு வழியை மேற்கொண்டேன். குறிப்பு ஒன்றும் இல்லாத வெறும் மூலத்தைச் சீர் பிரித்து எழுதி, மேல்வகுப்பு மாணவர் பத்துப் பேரிடம் கொடுத்து, தெரியாத சொல்லின் கீழ்ப் பென்சிலால் கோடிடச் சொன்னேன். பின்பு ஒவ்வொருவரையும் தனியே அழைத்து, கோடிடாத இடங்களுக்கும் பொருள் சொல்லுமாறு கேட்டேன். இவ்விரண்டாம் தேர்வு நான் எதிர்பாராத ஒன்றைக் காட்டிற்று.

‘கமஞ்சூல்’ என்ற சொல்லின் கீழ்ப் பத்துப் பேரும் கோடிட்டிருந்தனர். ஆனால் கேட்டபோது ஆறு பேர், “சூல் என்றால் கருப்பம் அல்லவா, ஐயா? மேகம் நீரால் நிறைந்திருப்பதைச் சொல்கிறது போலும்” என்று ஏறத்தாழச் சரியாகவே சொல்லிவிட்டனர். தெரியாது என்று தெரிந்ததனால் நின்று எண்ணினர், எண்ணியதனால் கண்டுகொண்டனர். அதே இடத்தில் ‘மழை’ என்ற சொல்லின் கீழ் ஒருவரும் கோடிடவில்லை. ஆனால் பத்துப் பேரும் தவறினர். இங்கே மழை என்பது மேகம். கடல்நீரை முகந்த அது, அடுத்த அடியில் துளிகளைச் சிதறுகிறது. மழையே மழையைச் சிதறுவது எங்ஙனம் என்று ஒருவனும் ஐயுறவில்லை. சொல் பழகியதாக இருந்தமையால் கண் நிற்காமலே ஓடிவிட்டது.

முருகனுடைய கையைச் சொல்லும் இடத்தில் வரும் ‘செல்’ என்பதும் அப்படியே. அங்கே அதற்கு இடி என்பது பொருள். பகைவரைத் தேய்த்த கை இடியோடு மாறுபடுகிறது என்பது கருத்து. மாணவர் அதனைப் ‘போ’ என்னும் வினையாகக் கொண்டு, “பகைவரை நோக்கிச் செல்லும் கை” என்று அழகாகப் பொருந்தவும் வைத்துவிட்டனர். பொருந்தாத தவறு தானே வெளிப்படும். பொருந்திய தவறு வெளிப்படாது.

இதிலிருந்து என் முதல் விதி பிறந்தது. மாணவன் அறியாத சொல்லைவிட, அறிந்ததாக மயங்கும் சொல்லுக்கே குறிப்பு முதலில் வேண்டும். அறியாத சொல்லுக்குச் சூழலே விளக்கம் தருமானால் நூலின் இறுதியில் அகராதியில் வைத்தால் போதும். ‘கார்கோள்’ என்பதை அடியிலிருந்து எடுத்து அகராதியில் சேர்த்தேன். மேகம் தான் முகந்துகொள்ளும் இடம் எது என்று கேட்டால், கடல் என்று மாணவனே சொல்லிவிடுகிறான். ‘மழை’யையும் ‘செல்’லையும் பக்கத்தின் அடியிலேயே நிறுத்தினேன்.

இரண்டாவது இடர் சொல்லில் இல்லை, வாக்கியத்தில் இருக்கிறது. உலகம் மகிழ எழும் ஞாயிற்றோடு தொடங்கும் முதற் பகுதி, திருப்பரங்குன்றத்தில் முருகன் உறைவதைச் சொல்லி 77-ஆம் அடியில்தான் முடிகிறது. அவ்வளவும் ஒரே தொடர். மாலை என்றால் அம்மாலைக்குரிய மரம். மரம் என்றால் அது நிற்கும் சோலை. சோலை என்றால் அங்கே ஆடும் தெய்வ மகளிர். இவ்வாறு ஒன்றினுள் ஒன்றாகக் கிளைத்துச் செல்லும். முப்பதாம் அடிக்கு வரும்போது மாணவன் எழுவாயைத் தொலைத்துவிடுகிறான். அவனுக்கு எந்தச் சொற்பொருளும் உதவாது. அவ்விடங்களில் எழுவாயும் பயனிலையும் எந்த அடிகளில் உள்ளன என்று மட்டும் ஒரு வரியில் சுட்டினேன். காட்டில் நுழைபவனுக்கு ஒவ்வொரு மரத்தின் பெயரையும் சொல்ல வேண்டுவதில்லை. வெளியேறும் வழி எந்தத் திசையில் இருக்கிறது என்று சொன்னால் அவன் அஞ்சாமல் உள்ளே உலாவுவான். அப்படிச் சுட்டிய பின்னர், நான் நீக்கிய குறிப்புக்களில் பலவற்றை ஒருவரும் கேட்கவில்லை.

இனி, சொல்லாமல் விட்டவற்றைச் சொல்கிறேன். திருவேரகப் பகுதியில், இளமையைப் பிரமசரியத்தில் கழித்த அந்தணர் பேசப்படுகின்றனர். அக்காலத்தின் அளவை ஆசிரியர் நேரே கூறாமல், ஆறு, நான்கு, இரட்டி என்று பெருக்குமாறு வைத்திருக்கிறார். முதற் படியில் ‘நாற்பத்தெட்டு ஆண்டு’ என்று எழுதியிருந்தேன். பிறகு அதனை அடித்துவிட்டு, ‘இரட்டி: இரு மடங்கு’ என்று மட்டும் எழுதினேன். கணக்கை மாணவன் போடட்டும். நாற்பத்தெட்டு என்று நான் சொன்னால் அஃது ஓர் எண். அவனே பெருக்கிக் கண்டால், அத்தனை ஆண்டா என்று வியப்பான். அவ்வியப்பு அவனுக்கு உரியது. அதனை முன்கூட்டி எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை.

இக்கொள்கையைப் பெரிய அளவில் சோதிக்க வேண்டிய இடம் திருச்சீரலைவாய்ப் பகுதி. அங்கே ஆறு முகங்களின் தொழில்கள் முதலில் வரிசையாகக் கூறப்படுகின்றன. ஒரு முகம் இருள் நீங்க உலகுக்கு ஒளி தருகிறது. ஒன்று அன்பர்க்கு வரம் தருகிறது. ஒன்று வேள்வியைக் காக்கிறது. ஒன்று எஞ்சிய பொருள்களை ஆராய்ந்து திங்களைப் போல விளக்குகிறது. ஒன்று போர்க்களத்தை விரும்புகிறது. ஒன்று வள்ளியோடு நகை செய்கிறது. பின்னர்ப் பன்னிரண்டு கைகளின் தொழில்கள் தனியே வருகின்றன. எந்தக் கை எந்த முகத்துக்கு உரியது என்று பாட்டு வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் முகங்களைக் கூறி முடிக்கும் இடத்தில் அவை ‘முறை’யாக ஒழுகுவதாகவும், கைகளைக் கூறி முடிக்கும் இடத்தில் அவை ‘பாற்பட’ இயங்குவதாகவும் ஆசிரியர் குறிக்கிறார். பாற்பட என்றால் அவ்வவற்றின் பகுதிக்கு ஏற்ப என்று பொருள். கைகளை வரிசை மாறாமல் இரண்டிரண்டாகப் பகுத்து முகங்களோடு நிரலே வைத்துக் காணவேண்டும் என்பதை நச்சினார்க்கினியர் உரை காட்டுகிறது.

முதற் படியில் இதனை ஓர் அட்டவணையாக வரைந்து, அச்சகத்தாரிடம் கட்டம் போடக் கூடச் சொல்லியிருந்தேன். பார்வைக்கு மிக நேர்த்தியாக இருந்தது. ஆயினும் மனம் ஒப்பவில்லை. கடைசியில் அட்டவணையை எடுத்துவிட்டு, ‘பாற்பட: பகுதிப்பட’ என்ற ஒரே சிறு குறிப்பை வைத்தேன். பகுதியின் இறுதியில், “முகங்கள் ஆறு, கைகள் பன்னிரண்டு, எண்ணிப் பார்க்க” என்று ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான்.

அதனை வைத்து ஒரு மாலை மாணவரோடு அமர்ந்தேன். சிறிது நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு ஒரு பெண், “ஐயா, ஐந்தாம் கையும் ஆறாம் கையும் கேடகத்தையும் வேலையும் சுழற்றுகின்றன. மூன்றாம் முகம் வேள்வியைக் காக்கிறது. காவலுக்குத்தானே படைக்கலம்?” என்றாள். மற்றவர் உடனே புத்தகத்தின்மேல் குனிந்தனர். வரம் தரும் முகத்துக்கு யானையை அங்குசத்தால் செலுத்தும் கை. யானைமேல் ஏறி வரம் கொடுக்க வருகிறான் என்று ஒருவன் கண்டான். பொருளை விளக்கும் முகத்துக்கு மார்பில் வைத்த கை. வாய் பேசாமல் உணர்த்தும் ஆசிரியன் என்றான் மற்றொருவன். இறுதி இணையில் ஒரு கை மழையைப் பொழிய, ஒரு கை தெய்வ மகளிர்க்கு மணமாலை சூட்டுகிறது. வள்ளியோடு நகும் முகத்துக்கு மணமாலை பொருந்துகிறது. மழை எதற்கு என்று கேட்டேன். “மழை இல்லாமல் குடித்தனம் எப்படி, ஐயா நடக்கும்?” என்று முதற் பெண்ணே விடை தந்தாள். உரையாசிரியர் போக்கும் இதற்கு அயலன்று. எல்லா இணைகளும் இவ்வாறு வெளிப்படையாக அமைவதில்லை. இடையில் வைத்த கை யாது செய்கிறது என்று ஒருவன் கேட்டபோது, “அதனை நீயே எண்ணிப் பார், தம்பி” என்றுதான் சொன்னேன். என் அட்டவணை இருந்திருந்தால் அந்த மாலைப்பொழுது நிகழ்ந்திராது.

ஆனால், விட்டுவிடுவது எல்லா இடத்திலும் நன்று என்று கொள்ளலாகாது. மாணவன் எண்ணினால் பாட்டிலிருந்தே விடை கிடைக்கும் இடத்தை விடலாம். பாட்டில் விடை இல்லாத இடத்தை விடுவது கைவிடுவதாகும். திருவேரகம் எந்த ஊர் என்பதைப் பாட்டைத் திருப்பித் திருப்பிப் படித்தாலும் அறிய இயலாது. நச்சினார்க்கினியர் அதனை மலைநாட்டில் உள்ள ஒரு திருப்பதி என்கிறார். அருணகிரிநாதர் வழியில் வந்த வழக்கோ கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையைக் காட்டுகிறது. இரண்டையும் சொன்னேன்; யார் சொல்கின்றனர் என்பதையும் சொன்னேன்; முடிவு கூறவில்லை. இது மாணவனுக்கு இடம் விட்டதன்று. என்னிடம் முடிவு இல்லாமையை ஒப்புக்கொண்டது. இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு.

இனிக் கூறப்போவது என் பிழை. பழமுதிர்சோலைப் பகுதியில் குறமகள் முருகனை வழிபடும் காட்சி வருகிறது. தினை அரிசியைப் பூவோடு கலந்து வைத்து, மறியை அறுத்து, கோழிக்கொடி நாட்டி, கொழுத்த கிடாயின் குருதியோடு பிசைந்த வெள்ளரிசியைப் பலியாகத் தூவுகின்றனர். ‘மறி’, ‘விடை’ என்ற இரண்டு சொற்களுக்கும் அங்கே ஆட்டினத்தைக் குறிக்கும் பொருளே உரியது. விடை என்பதை மாணவன் எருது என்றோ மறுமொழி என்றோ மயங்குவான். என் விதிப்படி முதலில் குறிப்பு வேண்டிய சொல் அது. யான் அதனை விட்டுவிட்டேன். முழு அடிக்கும், ‘நிவேதனப் பொருள்கள்’ என்று பொதுவாக ஒரு குறிப்பு எழுதிக் கடந்தேன். பள்ளிப் புத்தகம், பக்தி நூல், இதைப் பிள்ளைகளுக்கு விரித்துரைக்க வேண்டுமா என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

மூலத்தை மட்டும் படித்த பத்துப் பேரில் ஒருவன் மலையடிவாரத்துச் சிற்றூரிலிருந்து வருபவன், அதிகம் பேசாதவன். அச்சுப்படியைப் படித்துவிட்டு அவன் என்னிடம் வந்தான். “ஐயா, எங்கள் ஊர்க் கோயிலில் கிடாய் வெட்டி, அந்த இரத்தத்தை அரிசியில் கலந்து தூவுவார்கள். எங்கள் தாத்தாதான் தூவுவார். இதிலும் அப்படித்தானே இருக்கிறது? குறிப்பில் வேறாக இருக்கிறதே” என்றான். குற்றம் கூறும் தொனி அவன் குரலில் இல்லை. தான் படித்தது தவறோ என்ற அச்சமே இருந்தது.

அன்றிரவு இரண்டு பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். திருவேரகத்து அந்தணரின் ஈர உடைக்கும், ஆறெழுத்து மந்திரத்துக்கும், அவர்கள் கழித்த ஆண்டுகளுக்கும் தனித்தனிக் குறிப்பு எழுதியிருந்தேன். குறமகளின் வழிபாட்டுக்கு ஒரு மூடிய சொல்லை மட்டும் எழுதியிருந்தேன். நக்கீரர் இரண்டையும் ஒரே பாட்டில், ஒரே மதிப்போடு, ஒரே தெய்வத்தின் இருப்பிடங்களாக வைத்தார். வேற்றுமை செய்தது பாட்டு அன்று. பக்கத்தின் அடியில் இருந்த என் எழுத்தே. அந்தப் பையன் அந்த அடிகளை எங்கள் அனைவரினும் நன்றாக அறிந்தவன். அவன் அறிந்ததை அவனே ஐயுறும்படி நான் செய்துவிட்டேன்.

மறுநாள் அச்சகத்துக்குப் போய் அந்தப் பக்கத்தை நிறுத்தினேன். ‘மறி: ஆட்டுக்குட்டி. விடை: இங்கே கிடாய். குருதி கலந்த அரிசியைத் தூவிப் பலியிடுதல் மலைநில வழிபாடு. இவ்வகை வழிபாடு ஊர்க் கோயில்கள் சிலவற்றில் இன்றும் உண்டு’ என்று எழுதிக் கொடுத்தேன். புகழவும் இல்லை, இகழவும் இல்லை. அச்சகத்தார் சற்றே தயங்கினார். பாட்டில் உள்ளது அதுதானே என்றேன். அவர் மேலும் ஒன்றும் பேசவில்லை.

நூல் வெளிவந்தபோது நானூறு குறிப்புக்கள் நூற்றைம்பதளவில் குறைந்திருந்தன. சொல்லைச் சொல்லியும் பொருளை அவனிடம் விட்டும் அமைத்த இடங்கள் பல. அவற்றுள் எவை சரி, எவை தவறு என்பதை இனிப் படிக்கும் பிள்ளைகள் சொல்ல வேண்டும். ஆனால் எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வியை மட்டும் கற்றுக்கொண்டேன். ஓர் இடத்தைச் சொல்லாமல் விடும்போதெல்லாம், மாணவன் எண்ணட்டும் என்று விடுகிறேனா, எனக்குச் சொல்லக் கூச்சமாக இருப்பதனால் விடுகிறேனா என்று கேட்கிறேன். முதலாவதாயின் விட்டுவிடுகிறேன். இரண்டாவதாயின் எழுதுகோலை எடுக்கிறேன்.